பத்து ரூபாய்த் தாளும் பயிற்சித் தாளும்

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், அத்திபெலெயைக் கடந்தபின் வருவது சந்தாபுரா. ஆனேகல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. இவர்களுக்குப் பேச்சுக் கன்னடம் பெரும்பாலும் காதுவழியே வந்துவிடுகிறது. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் பேசிப் பழகிய நாக்கு சில ஆண்டுகளில் தயக்கமின்றிப் பேசத் தொடங்கிவிடும். எழுத்து அவ்வாறு வருவதில்லை. பத்தாண்டுகள் வாழ்ந்து, நன்றாகக் கன்னடம் பேசுபவரும் பெயர்ப்பலகையின் கன்னட வரியை விட்டுவிட்டு ஆங்கில வரிக்கே கண்ணைக் கொண்டு செல்வதைக் காணலாம்.

பலகையைப் படிக்காததால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. ஆவணத்தைப் படிக்க இயலாதபோதுதான் சிக்கல் எழுகிறது. வீட்டுக்குரிய கத்தா கன்னடத்தில் உள்ளது. கர்நாடக முகவரி கொண்ட ஆதார் அட்டையில் பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. தமிழில் ‘பாலன்’ என்று எழுதினால், முதலெழுத்தை ‘பல்’ என்பதிலுள்ள ஒலியாகவும் படிக்கலாம், ‘கம்பம்’ என்பதிலுள்ள ஒலியாகவும் படிக்கலாம். கன்னடத்தில் இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். எழுத்தர் ஒன்றைத் தட்டச்சு செய்ய, வங்கிக் கணக்கில் மற்றொன்று இருந்தால், வீட்டுக்கடன் விண்ணப்பத்தின்போதோ வாரிசுப் பெயர் மாற்றத்தின்போதோ அவ்வேறுபாட்டிற்கு விளக்கம் தரவேண்டி வரும். அச்சான அன்றே தம் பெயரைத் தாமே எழுத்துக்கூட்டிப் பார்த்தவருக்கு அந்த அலைச்சல் மிச்சம்.

இந்த அளவுக்குப் படிக்கவும் எழுதவும் வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? நாள்தோறும் கால்மணி நேரம், ஒரு பக்கத் தாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சுயதேர்வு: இவை போதும். ஆனால் அந்தத் தாளில் எதை, எந்த வரிசையில் எழுதுவது என்பதும், தேர்வில் எதைச் சோதிப்பது என்பதும் கவனத்துடன் முடிவு செய்யப்பட வேண்டியவை. ஏனெனில் தமிழ் எழுதிப் பழகிய கை கன்னடத்தில் எந்த இடங்களில் வழுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தமிழறிந்தவருக்கு எளியதும் அரியதும்

கன்னட வர்ணமாலையில் 49 எழுத்துகள். அவற்றுள் உயிர் 13. அந்த 13-இல் 12 நமக்குத் தெரிந்தவையே. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் குறில் நெடிலாகத் தனித்தனியே நிற்பது தமிழைப் போலவே இங்கும் உண்டு. இந்தி எழுத்தைக் கற்பவருக்கு இல்லாத வசதி இது. மெய்கள் 34. நம் 18-ஐக் காட்டிலும் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், தமிழில் ஒரே க-வால் எழுதப்படும் ஒலிகளுக்குக் கன்னடம் தனித்தனி எழுத்து வைத்திருப்பதுதான். ‘கல்’ என்பதன் க வேறு, ‘தங்கம்’ என்பதன் க வேறு. அவ்விரண்டின் மூச்சொலி வடிவங்களும் வேறு. ச, ட, த, ப ஆகியவற்றிற்கும் இதே ஏற்பாடு. மறுபுறம் நம் ழகரமும் றகரமும் இன்றைய கன்னடத்தில் இல்லை. பழைய கன்னடத்தில் அவை இருந்தன. ந, ன என்ற வேறுபாடும் கிடையாது.

பலரும் அஞ்சுவது எழுத்தின் வடிவத்தைக் கண்டு. அந்த அச்சம் தேவையற்றது என்பதே என் கருத்து. பெரும்பாலான மெய்களின் தலையில் ‘தலெகட்டு’ எனப்படும் ஒரு சிறு கீற்று அமர்ந்திருக்கும். அது அகரத்தின் அடையாளம். அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவன சில வளைவுகளும் வட்டங்களுமே. மூச்சொலி எழுத்துகள் பலவும் புதியன அல்ல, அறிந்த எழுத்தின் அடியில் ஒரு சிறு செங்குத்துக் கீற்று சேர்ந்தவை. வடிவத்தைக் கை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். உண்மையான இடர் வேறு மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது, மேலே கூறிய க, ப போன்றவை. தமிழில் க எங்கே வருகிறது என்பதைக் கொண்டே அதன் ஒலியை அறிகிறோம். சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்தோ இரு உயிர்களுக்கு இடையிலோ வந்தால் நெகிழ்ந்தும் ஒலிக்கிறோம். இது நமக்கு இலக்கணம் என்றே தோன்றாத அளவுக்கு ஊறிப்போன பழக்கம். ‘ரூபாய்’ என்று எழுதி, ‘கம்பம்’ என்பதன் ப-வைப் போல ஒலிக்கிறோம். கன்னடத்தில் அச்சொல் ‘பல்’ என்பதன் ப-வால் எழுதப்படுகிறது. காதை நம்பி எழுதும் தமிழர் இங்கே ஏறத்தாழத் தவறாமல் தவறுவார்.

இரண்டாவது, உயிர்க்குறிகள். நாம் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில், இடப்பக்கத்தில் போடுகிறோம். கன்னடத்தில் எதுவும் எழுத்துக்கு இடப்புறம் நிற்பதில்லை. எகரக் குறியாகிய ‘ஏத்வ’ தலெகட்டு இருந்த இடத்தில், எழுத்தின் தலைமேல் அமரும். இகரக் குறியாகிய ‘குடிசு’வும் அவ்வாறே. நெடிலாக்க வேண்டுமானால் வலப்புறத்தில் ‘தீர்க்க’க் குறி ஒன்றைச் சேர்த்தால் போதும். ஈ, ஏ, ஓ மூன்றுக்கும் அதே குறி. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு: கன்னடத்தில் ‘கொம்பு’ என்பது உகரக் குறியின் பெயர். தமிழ்க் கொம்பை நினைத்துக்கொண்டு கன்னட ஆசிரியரிடம் பாடம் கேட்பவர் சிறிது நேரம் குழம்பத்தான் செய்வார்.

மூன்றாவதும் மிகக் கடினமானதும் கூட்டெழுத்து. தமிழில் ‘த்து’ என்பதை இரண்டு எழுத்தாக, முதலதன்மேல் புள்ளி வைத்து எழுதுகிறோம். கன்னடத்தில் முதல் மெய் முழு உருவில் வரியில் நிற்கும், இரண்டாம் மெய் சிறுத்து அதன் கீழே தொங்கும். அதற்கு ‘ஒத்தக்ஷரம்’ என்று பெயர். உயிர்க்குறியோ மேலே நிற்கும் முதல் மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். ஒலிக்கும்போது மேல் மெய், கீழ் மெய், பிறகு உயிர் என்று படிக்க வேண்டும். கண் பார்க்கும் வரிசை ஒன்று, வாய் சொல்லும் வரிசை வேறு. புதிதாகப் படிப்பவர் மேலே உள்ளதை ‘து’ என்று முடித்துவிட்டுக் கீழே உள்ள த-வை என்ன செய்வதென்று விழிப்பதற்குக் காரணம் இதுவே.

மாதிரி உங்கள் பணப்பையில்

எழுதிப் பழக மாதிரி வேண்டும். அதற்குப் புத்தகக் கடைக்குச் செல்லுமுன் ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்துத் திருப்புங்கள். பின்புறத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும். ஆங்கில அகரவரிசைப்படி அமைந்த அப்பட்டியலில் அசாமியம், வங்காளம், குஜராத்தி ஆகியவற்றிற்கு அடுத்து நான்காவது வரி கன்னடம். தமிழ் பதின்மூன்றாவது. கன்னட வரி ‘ஹத்து ரூபாயிகளு’ என்கிறது. எழுத்து மிகச் சிறியது. ஆகவே கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கவும். தாளின்மீது பேனா படவேண்டாம்.

இவ்வரியில் ஹ, த்து, ரூ, பா, யி, க, ளு என ஏழு அசையெழுத்துகள் உள்ளன. பிரித்துப் பார்த்தால் மெய்கள் ஏழு: ஹ, த, ர, ப, ய, க, ள. உயிர்க்குறிகள் நான்கு: உகரம், ஊகாரம், ஆகாரம், இகரம். தகரத்தின் ஒத்தக்ஷர வடிவம் ஒன்று. ஆக, கற்க வேண்டிய உருக்கள் 12. நாளுக்கு இரண்டு வீதம் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள்களில் முடிந்துவிடும். மேலும், நான் சொன்ன மூன்று இடர்களும் இச்சிறு வரியிலேயே இருக்கின்றன. ப இங்கே ‘பல்’ என்பதன் ப. க இங்கே ‘தங்கம்’ என்பதன் க. ‘த்து’வில் உகரக் கொம்பு மேல் தகரத்தோடு ஒட்டியிருக்க, கீழ்த் தகரம் மேலதைப் போன்றே இல்லாத வேறொரு வடிவத்தில் தொங்குவதையும் காணலாம். ஒத்தக்ஷரங்களில் பெரும்பாலானவை தலெகட்டு நீங்கிய சிறு உருக்கள்தாம். த, ந, ம, ய, ர, ல ஆகிய ஆறுமட்டும் வேறு வடிவம் கொள்ளும். அவற்றைத் தனியே கற்கவேண்டும்.

இரண்டாம் வாரத்திற்குரிய பாடத்தைச் சாலையே தருகிறது. ‘சந்தாபுர’ என்ற பெயர்ப்பலகையில் புதியவை ச, ‘பந்து’ என்பதன் த, நடுவிலுள்ள சிறு வட்டம் ஆகிய மூன்றுமட்டுமே. அவ்வட்டத்திற்குச் ‘சொன்னெ’ என்று பெயர். நாம் ங், ஞ், ண், ந், ம் என்று ஐந்தாக எழுதுவதைக் கன்னடம் பெரும்பாலும் இந்த ஒரே வட்டத்தால் எழுதிவிடுகிறது. எந்த மெல்லினம் என்பதை அடுத்த எழுத்து சொல்லிவிடும். ‘ஆனேகல்’ என்ற பலகையில் ஆ, ந, ஏத்வ, தீர்க்கம், ‘கல்’ என்பதன் க, ல, இறுதியில் நம் புள்ளியின் வேலையைச் செய்யும் மெய்க்குறி என ஏழு. ‘அத்திபெலெ’யில் அ, ‘கம்பம்’ என்பதன் ப என இரண்டு. இவையும் 12. இவ்விரண்டு வாரங்களின் முடிவில் கையிலுள்ள 24 உருக்களைக் கொண்டே ‘பெங்களூரு’ என்று எழுதிவிடலாம். அதற்கெனப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரத்திற்கு, 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தின் கடைசி நிலையம் அமைந்துள்ள பொம்மசந்திரா பொருத்தமானது. மகர ஒத்தும் ரகர ஒத்தும் அப்பெயரிலேயே உள்ளன. வர்ணமாலையின் வரிசைப்படி ங, ஞ என்று அரிய எழுத்துகளை முதல் வாரத்திலேயே எழுதிக் களைப்பதைவிட, வழியில் தினமும் எதிர்ப்படும் சொற்களின் வரிசையே இங்கு நல்லது.

ஒரு நாளின் தாள்

கோடிட்ட குறிப்பேட்டின் ஒரு பக்கம் போதும். ஒரு வரிவிட்டு ஒரு வரியில் எழுதவேண்டும். ஒத்தக்ஷரம் கீழே தொங்குவதற்கு இடம் தேவை. இடமில்லாதபோது அது பக்கவாட்டில் ஒதுங்கி, தனியெழுத்துப் போலத் தோன்றிவிடும்.

தாளின் முதல் வேலை, நேற்றைய இரண்டு உருக்களையும் எதையும் பார்க்காமல் எழுதுவது. இதைப் பலரும் கடைசிக்குத் தள்ளுவர், அல்லது குறிப்பேட்டைப் புரட்டி ‘ஒருமுறை பார்த்துவிட்டு’ எழுதுவர். பார்த்தபின் எழுதினால் நேற்றைய பாடம் நினைவில் இருந்ததா என்பது தெரியாமலே போய்விடும். நினைவுக்கு வராவிட்டால் இடத்தை வெறுமையாக விட்டு, பிறகு மாதிரியைப் பார்த்துச் சிவப்பு மையால் நிரப்புங்கள். தாளில் சிவப்பு இருப்பது குறையன்று. வார இறுதியில் எதைச் சோதிக்கவேண்டும் என்பதை அது காட்டும்.

பிறகு புதிய உருக்கள் இரண்டு. ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதினால் போதும். ஐம்பது முறை வேண்டாம். ஒரே எழுத்தை வரி முழுதும் எழுதும்போது, நான்காவது ஐந்தாவது எழுத்துக்குப் பிறகு கண் மாதிரியைப் பார்ப்பதில்லை, தான் எழுதிய முந்தைய எழுத்தையே பார்க்கிறது. முதல் எழுத்தில் ஏற்பட்ட சிறு கோணல் பத்தாவதில் பெரிதாகிறது. ஒரு வரியின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒப்பிட்டால் இது உடனே விளங்கும். இதைத் தடுக்க ஒரு காகிதத் துண்டு போதும். முதல் மூன்று முறை மாதிரியைப் பார்த்தும், முன்பு எழுதியதை அத்துண்டால் மறைத்தும் எழுதுங்கள். அடுத்த இரண்டு முறை மாதிரியையும் மறைத்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்வது அவசியம். ஒலியில்லாமல் எழுதினால் அது கோலம் போடுவதாக ஆகிவிடும்.

ஒன்றையொன்று ஒத்த எழுத்துகள் வரும் நாளில் மட்டும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பது பயன் தரும். ‘பந்து’ என்பதன் த-வும் ர-வும் பார்வைக்கு நெருங்கியவை. ஓர் உள்மடிப்பே அவற்றைப் பிரிக்கிறது. மகரம் பார்ப்பதற்கு வகரத்தோடு உகரக் கொம்பு சேர்ந்தது போலவே இருக்கும். அதனால்தான் உண்மையான ‘வு’வில் கொம்பைச் சற்றுக் கீழிறக்கி ஒட்டுகின்றனர்.

தாளின் கடைசி வேலை ஒரே ஒரு சொல். அன்று வழியில் கண்ட பலகையிலிருந்தோ, கடை ரசீதிலிருந்தோ, வங்கிக் கிளையின் படிவத்திலிருந்தோ எடுத்தது. கற்ற உருக்களுக்கு அடிக்கோடிட்டு, கல்லாதவற்றை அப்படியே விடுங்கள். மொத்தமும் 15 நிமிடத்திற்குள் முடியவேண்டும். முடியவில்லையெனில் அன்று புதிய உருக்கள் இரண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு

வார முடிவில் மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக ஏன் தேர்வு? அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரு பாடப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தனர். அவர்கள் சோதித்தது உரைநடைப் பகுதிகளை, எழுத்துகளை அல்ல. எனினும் அன்றே தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும் அடுத்த வாரம் தெரிந்திருப்பதற்கும் உள்ள இடைவெளி எழுத்துப் பயிற்சியிலும் கண்கூடு.

தேர்வில் பத்துச் சொற்கள் போதும். ஆனால் அவற்றை இருவழியாகச் சோதிக்கவேண்டும். கண்டு படிப்பது ஒன்று, கேட்டு எழுதுவது மற்றொன்று. படிக்கத் தெரிந்தவர் எழுதத் தெரிந்தவர் ஆகமாட்டார். படிப்பதற்கு, வாரத்தில் படமெடுத்த பலகைகளின் ஆங்கில வரியை விரலால் மறைத்துவிட்டு வாய்விட்டுப் படித்து, பின்பு விரலை எடுத்துச் சரிபார்க்கலாம். ஆங்கில வரி ‘கல்’ க-வா, ‘தங்கம்’ க-வா என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும். குறில் நெடிலையும், ல, ள வேறுபாட்டையும் அது காட்டாது. அவற்றிற்குக் கன்னட எழுத்தையே மீண்டும் உற்றுநோக்க வேண்டும். ஓர் எழுத்தில் மூன்று நொடிக்குமேல் தயங்கினால் அதைத் தவறாகவே கணக்கிடுங்கள். பேருந்துப் பலகை அதற்குமேல் காத்திருக்காது.

கேட்டு எழுதுவதற்குச் சொற்களைச் சொல்ல ஒருவர் வேண்டும். உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேட்பது பயன்படாது. தவறான க-வைச் சொல்லி, தவறான க-வையே எழுதி, சரி என்று மதிப்பெண் போட்டுக்கொள்ள நேரும். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தினரோ, பள்ளியில் கன்னடம் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளையோ கைப்பேசியில் சொல்லித் தந்தால் நன்று. திருத்தும்போது சொல்லின் சரியான எழுத்து கையில் இருக்கவேண்டும். ஆகவே அச்சில் கண்ட சொற்களை மட்டுமே தேர்வுக்கு எடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டாம் வாரம் முடித்த ஒருவர் கற்ற 24 உருக்களுக்குள் அடங்கும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுகிறார் என்று கொள்வோம். சொற்கள்: ஹத்து, ரூபாயிகளு, சந்தாபுர, ஆனேகல், அத்திபெலெ, பெங்களூரு, நகர, காகத, பேகு, பீதி. காகத என்பது காகிதம், பேகு என்பது வேண்டும், பீதி என்பது தெரு. பத்தில் ஆறு சரி. ஆனேகல், பேகு இரண்டிலும் ‘தங்கம்’ க-வை எழுதியிருக்கிறார். உரியது ‘கல்’ க. அத்திபெலெயில் இகரக் குடிசுவைக் கீழ்த் தகரத்திற்குச் சேர்க்க முயன்று குழம்பியிருக்கிறார். பீதியில் தீர்க்கம் விட்டுப்போயிற்று.

பத்துக்கு ஆறு என்று எழுதி மூடிவிட்டால் இத்தேர்வால் பயன் ஒன்றுமில்லை. தவறுகளை இனம் பிரிக்க வேண்டும். வடிவக் குழப்பம், க-ப வகை, குறில் நெடில், ஒத்தக்ஷர வரிசை என நான்கு பத்திகள் போட்டால் இவருக்கு முறையே 0, 2, 1, 1 வருகிறது. வடிவத்தில் தவறே இல்லை. எனவே இவர் அடுத்த வாரம் எழுத்தின் அழகுக்காகச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வீண். க-ப வகையின் இரு தவறுகளும் ஒரே இயல்பின. இரண்டிலும் க இரு உயிர்களுக்கு இடையே வருகிறது, இரண்டிலும் தமிழ்ப் பழக்கம் அதை நெகிழ்த்திவிட்டது.

இன்னும் உற்றுப்பார்த்தால் ஒன்று தெரியும். நகர, காகத, பெங்களூரு ஆகிய மூன்றையும் இவர் சரியாக எழுதியதற்குக்கூட அதே பழக்கம் காரணமாக இருக்கலாம். இச்சொற்களில் தமிழ் விதியும் கன்னட எழுத்தும் தற்செயலாக ஒன்றுபடுகின்றன. அங்கே கிடைத்த மதிப்பெண் எதையும் உறுதிப்படுத்தவில்லை. தமிழ்ப் பழக்கம் தவறான விடைக்கு இழுக்கும் ஆனேகல், பேகு, ரூபாயி போன்ற சொற்களே உண்மையான சோதனை. ஒவ்வொரு தேர்விலும் அத்தகைய சொற்கள் மூன்றேனும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

எனவே மூன்றாம் வாரத்தில் இவருடைய தாளின் தலையில் நாள்தோறும் ஒரு சோடி இடம்பெறும்: ஒரு நாள் பேகு, நகர, மறுநாள் ஆனேகல், பெங்களூரு. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லி, கையைத் தொண்டையில் வைத்துப் பார்க்கலாம். ‘தங்கம்’ க ஒலிக்கும்போது அதிர்வு இடையறாமல் தொடரும், ‘கல்’ க ஒலிக்கும்போது ஒரு கணம் நின்றுபோகும். அத்திபெலெ வாரத்தில் இருமுறை வந்தால் போதும். அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாக வந்த சொல் தாளிலிருந்து விடைபெறலாம். ஒரு மாதம் கழித்து அதைத் தேர்வில் மட்டும் ஒருமுறை திரும்ப அழைக்கவேண்டும்.

வாரத்திற்கு 12 உருக்கள் என்ற கணக்கில், எழுத்துகளுக்கு நான்கு வாரங்களும், உயிர்க்குறிகளுக்கு ஒன்றும், ஒத்தக்ஷரங்களுக்கு இரண்டு மூன்றும் ஆக, ஏறத்தாழ எட்டு வாரங்களில் அச்சுக் கன்னடம் முழுவதையும் ஒருமுறை சந்தித்துவிடலாம். அதன்பிறகு கடினமாக எஞ்சுவது ‘அர்காவத்து’. ‘ஸர்ஜாபுர’ என்ற பலகையைப் பாருங்கள்: முதலில் ஒலிக்கும் ரகர மெய், ஜா-வுக்குப் பின்னால் ஒரு கொக்கியாக நிற்கும். சந்தாபுராவிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் வழியில் இதைப் பழகச் சலிக்கச் சலிக்க வாய்ப்புண்டு.

எட்டு வாரப் பயிற்சி எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதும் தெரிந்திருக்கட்டும். கத்தாவிலோ வரி ரசீதிலோ உள்ள பெயர், தந்தை பெயர், ஊர், தெரு ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கலாம். கத்தாவை எடுத்து வைத்துக்கொண்டு, பெயரில் வரும் ஒவ்வொரு க, ச, ட, த, ப எழுத்தையும் ஆதாரின் கன்னட வரியோடு ஒப்பிடுவதே இதற்குச் சிறந்த வழி. வேறுபாடு பெரும்பாலும் அவ்வைந்து எழுத்துகளிலும் குறில் நெடிலிலும்தான் இருக்கும். ஆனால் ஆவணத்தின் சட்டப் பொருளை எழுத்தறிவு மட்டும் தராது. கிரயப் பத்திரத்தின் வாசகங்களுக்கு வழக்கறிஞர் வேண்டும். பழைய ஆவணங்களின் கையெழுத்துப் பகுதிகளும் அச்செழுத்துக்குப் பழகிய கண்ணுக்கு எளிதில் பிடிபடா.

புதிய எழுத்து கைவந்தவுடன் கையொப்பத்தையும் அதில் இடவேண்டும் என்ற ஆசை பலருக்கும் எழும். கிளையில் பதிவாகியுள்ள உங்கள் மாதிரிக் கையொப்பம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்குமாயின், காசோலையில் கன்னடத்தில் ஒப்பமிட்டால் அது பொருந்தாமல் திரும்பும். மாற்ற விரும்பினால் அடையாள ஆவணத்துடன் கிளைக்கு நேரில் வந்து புதிய மாதிரியைப் பதிவு செய்த பின்னரே அவ்வாறு ஒப்பமிடத் தொடங்குங்கள்.